காசிமேட்டுப் படகுப் பயிற்சி: தண்ணீருக்கு மட்டும் போன 40 மில்லி செகண்ட்

பின்னணி

பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறிய மென்பொருள் குழு எங்களுடையது. வடசென்னையில் மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு மையம் எங்களிடம் ஒரு வேலை கொடுத்தது. விடியும் முன் ஃபைபர் படகில் காசிமேடு துறைமுகத்துக்குள் நுழைவதைக் கணினித் திரையில் பழகிக்கொள்ள ஒரு பயிற்சி மென்பொருள் வேண்டும். வெளியே அலை அடிக்கும், துறைமுக வாயில் விசைப்படகுகள் எதிரே வரும், இரண்டு பக்கமும் அலைத்தடுப்புக் கற்கள். அந்தச் சில நிமிடங்களில் எஞ்சினின் கைப்பிடியை எவ்வளவு திருப்புவது, எப்போது வேகத்தைக் குறைப்பது என்பதுதான் பாடம்.

மையத்தின் ஆய்வகத்தில் 10 கணினிகள் இருந்தன. எல்லாமே நான்காம் தலைமுறை ஐ5, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4600 தான் படம் வரைய வேண்டும். திரைகள் 1366×768. இந்தக் கணினிகளுக்காகத்தான், விளையாட்டு மென்பொருள் செய்யப் பயன்படும் Unity-யின் பழைய 2018.4 வடிவத்திலேயே வேலையைச் செய்தோம். தண்ணீருக்கு அதன் Standard Assets தொகுப்பில் வரும் Water.cs என்ற நிரலை எடுத்து, அதன் மேல் அலை எழும்பும் பகுதியை நாங்களே எழுதிச் சேர்த்தோம்.

அந்தத் தண்ணீருக்கு மூன்று நிலைகள் உண்டு. `Simple` என்றால் தண்ணீருக்கு நிறமும் சிற்றலையும் மட்டும்தான். `Reflective` என்றால் படகும் கரையும் தண்ணீரில் பிரதிபலிக்கும். `Refractive` என்றால் பிரதிபலிப்போடு ஒளிவிலகலும் சேரும். அதாவது தண்ணீருக்கு அடியில் இருப்பதும் நெளிந்து தெரியும். நாங்கள் வேலை செய்த கணினியில் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு இருந்தது. அதில் `Refractive` வைத்து ஒரு காட்சி வீடியோ எடுத்தோம். தெளிந்த நீலத் தண்ணீர், படகின் அடிப்பாகம் நெளிந்து தெரிகிறது, மையத்தில் இருந்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த நிலையையே வைத்து அனுப்பினோம்.

ஆய்வகத்தில் கண்டது

முதல் நாள் ஆறு இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். துறைமுக வாய்க்கு வரும்வரை சமாளித்தவர்கள், அங்கே வந்ததும் வரிசையாகக் கல்லில் மோதினார்கள். ஒருவர் கைப்பிடியை இடது பக்கம் தள்ளுகிறார், படகு திரும்பவில்லை என்று நினைத்து இன்னும் தள்ளுகிறார், அப்புறம் படகு ஒரேயடியாகத் திரும்பிக் கல்லில் ஏறுகிறது. கடலில் படகோட்டிப் பழகியவர்கள் எல்லோருக்கும் ஒரே தவறு நடக்கிறது என்றால், தவறு அவர்களிடம் இல்லை.

ஆலோசகராக வந்திருந்த பெரியவர் முப்பது வருடங்களுக்கு மேல் விசைப்படகு டிரைவராக இருந்தவர். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் இரண்டு விஷயம் சொன்னார்.

“தம்பி, கை சொல்றது ஒன்னு, படகு கேக்கறது ஒன்னா இருக்கு. லேட்டா கேக்குது.”

இரண்டாவது, “தண்ணி அழகா இருக்கு. ஆனா காசிமேட்ல எங்க தம்பி அடி தெரியும்?”

முதலாவதை அன்று குறித்துக்கொண்டோம். இரண்டாவதை அழகு பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் இரண்டும் ஒரே விஷயம் என்று புரிந்தது.

அளந்த விதம்

அந்தக் கணினியில் ஒரு ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று, வரைய எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று அளந்தோம். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று பார்த்திருந்தால் குழம்பியிருப்போம். 60-லிருந்து 50-க்கு இறங்குவது சுமார் 3 மில்லி செகண்ட். 20-லிருந்து 10-க்கு இறங்குவது 50 மில்லி செகண்ட். இரண்டுமே ‘பத்து குறைந்தது’ என்றுதான் தெரியும். மில்லி செகண்ட் என்றால் கூட்டலாம், கழிக்கலாம்.

படகைத் துறைமுக வாயில் ஒரே இடத்தில், ஒரே திசை பார்த்து நிறுத்தினோம். திரையின் புதுப்பிப்போடு ஃபிரேமைப் பொருத்தும் வி-சிங்க்கை அளக்கும்போது மட்டும் அணைத்தோம். ஒவ்வொரு அமைப்பையும் தனித்தனியாக மாற்றி ஒரு நிமிடம் ஓட்டி சராசரி எடுத்தோம். எல்லாம் உச்சத்தில் இருக்கும்போது 59 மில்லி செகண்ட். தண்ணீரை `Simple`-க்கு மாற்றினால் 19. ஆக, பிரதிபலிப்புக்கும் ஒளிவிலகலுக்கும் மட்டும் 40 போகிறது.

இந்த 59-ஐ வி-சிங்க்கோடு ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது. ஃபிரேம் தயாராவதற்குள் மூன்று முறை கடந்துவிட்டால், நான்காவது முறைக்காகக் காத்திருக்க வேண்டும். 59 என்பது 66.7 ஆகிவிடும், நொடிக்கு 15 ஃபிரேம். கைப்பிடியைத் தள்ளியதற்கும் திரையில் படகு அசைவதற்கும் இடையில் இப்படி இரண்டு மூன்று ஃபிரேம் கடந்தால், 0.2 நொடி வரை போய்விடும். பெரியவர் ‘லேட்டா கேக்குது’ என்றது இதைத்தான்.

ஏன் இவ்வளவு: ஐந்து முறை வரைந்த துறைமுகம்

தட்டையான நீர்ப்பரப்பில் பிரதிபலிப்பு காட்ட, Water.cs இன்னொரு கேமராவைத் தண்ணீருக்குக் கீழே தலைகீழாக வைத்து முழுக் காட்சியையும் ஒரு முறை வரைகிறது. அந்தப் படத்தைத் தண்ணீரின் மேல் நெளித்து ஒட்டுகிறது. `Refractive` நிலையில் ஒளிவிலகலுக்கும் இன்னொரு கேமரா, இன்னொரு முறை. ஆகவே நாங்கள் நினைத்தது மூன்று முறை: கண்ணுக்கு ஒன்று, பிரதிபலிப்புக்கு ஒன்று, ஒளிவிலகலுக்கு ஒன்று.

ஒரு ஃபிரேம் எந்த வரிசையில் வரையப்படுகிறது என்று காட்டும் Unity-யின் Frame Debugger-ஐத் திறந்து ஒவ்வொரு படியாகத் தள்ளிப் பார்த்தபோது, அதே ஐஸ் பெட்டிகள், அதே வலைக் குவியல், அதே படகு வரிசை ஐந்து முறை வந்தது. முதலில் நம்பவில்லை. திரும்பவும் எண்ணினேன், ஐந்துதான்.

காரணம் எங்கள் வேலை. கடற்பரப்பை ஒரே துண்டாக வைக்காமல், அலைகளைக் கையாளும் வசதிக்காக நான்கு சதுரங்களாக வெட்டி, நான்கிலும் தனித்தனியே Water.cs-ஐப் போட்டிருந்தோம். அந்த நிரல் `OnWillRenderObject` வழியாக வேலை செய்கிறது. கண்ணில் படும் ஒவ்வொரு துண்டும் தனக்கென்று ஒரு பிரதிபலிப்பும் ஒரு ஒளிவிலகலும் வரைந்துகொள்ளும். துறைமுக வாயில் இரண்டு துண்டுகள் கண்ணில் பட்டன: 1 + 2 + 2. உள்ளே படகுத்துறையிலிருந்து கடலைப் பார்த்தால் மூன்று துண்டுகள் படும், ஏழு முறை. நான்கு துண்டும் ஒரே உயரத்தில் இருக்கும் ஒரே தண்ணீர். எல்லாவற்றுக்கும் ஒரே பிரதிபலிப்புப் படம் போதும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. கேமரா அதே இடத்தில் இருக்க, தலையைச் சற்றுத் திருப்பும்போது ஃபிரேம் நேரம் படிக்கட்டு மாதிரி தாவினால், தண்ணீர்த் துண்டுகள் பார்வைக்குள் வந்து போகின்றன என்று சந்தேகப்படலாம். எங்களிடம் 20, 20 ஆகத் தாவியது. அதை முதல் நாளே பார்த்திருக்கிறோம். படகுகள் அதிகம் தெரிவதால் என்று நினைத்துவிட்டோம்.

நான்கையும் ஒரே துண்டாக்கியதும் 59 என்பது 39 ஆனது. திரையில் ஒரு புள்ளி கூட மாறவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் ஒரு வரம்பு வைத்தோம். வி-சிங்க் காரணமாக 16.7-க்கும் 33.3-க்கும் இடையில் எந்த எண் வந்தாலும் திரையில் நொடிக்கு 30 ஃபிரேம்தான் தெரியும். தண்ணீர் `Simple`-ஆக இருந்தாலே 19 ஆகிறது என்பதால் 60 ஃபிரேமுக்கு வழியில்லை. அப்படியானால் 33.3-ஐத் தாண்டாமல் இருப்பதுதான் வேலை. விடியற்காலை நெரிசலில் நிறைய படகுகள் வரும்போதும் தாங்க வேண்டும் என்று 25-ஐ இலக்காக வைத்தோம். அதற்குள் இருக்கும்வரை பிரதிபலிப்பைக் குறைத்து மிச்சம் பிடிப்பதில் பயிற்சி எடுப்பவருக்கு எந்த லாபமும் இல்லை.

ஒளிவிலகலை எடுத்தோம். 39 என்பது 30 ஆனது. முடிவெடுக்கும் முன் பெரியவரோடு அதிகாலையில் காசிமேட்டுக்குப் போய்ப் படகில் உட்கார்ந்து பார்த்தோம். துறைமுகத்துக்குள் தண்ணீர் பச்சையும் பழுப்பும் கலந்து கலங்கலாக, மேலே டீசல் படலம் மினுங்க இருந்தது. துடுப்பை உள்ளே விட்டால் ஒரு முழம் போவதற்குள் முனை மறைந்துவிட்டது. ஒளிவிலகல் காட்டுவதற்கு அடியில் ஒன்றும் தெரியாத தண்ணீர் அது. அதற்காக ஒவ்வொரு ஃபிரேமிலும் துறைமுகத்தை இன்னொரு முறை வரைந்துகொண்டிருந்தோம்.

பார்வைக் கோணமும் இதையே சொன்னது. படகில் உட்கார்ந்தவரின் கண் தண்ணீரிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரம். மூன்று மீட்டர் தள்ளிப் பார்த்தால், அமைதியான தண்ணீர் அங்கே விழும் ஒளியில் 100-க்கு 8 பங்கைத்தான் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் தண்ணீரின் நிறம். 20 மீட்டர் தள்ளிப் பார்த்தால் 60 பங்குக்கு மேல் பிரதிபலிப்புதான். அதாவது படகோட்டி முன்னால் பார்க்கும் தண்ணீர் முழுக்கப் பிரதிபலிப்பின் கையில் இருக்கிறது. ஒளிவிலகல் படகின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும். துறைமுக வாயில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

முழுக் காட்சியையும் மறுபடி வரையாமல், ஏற்கெனவே வரைந்த திரையை ஒரு நகல் எடுத்து நெளிக்கும் GrabPass வழியும் இருக்கிறது. அது மலிவு. ஆனாலும் காட்டுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் மலிவான செலவும் வேண்டாம் என்று விட்டோம்.

அடுத்து பிரதிபலிப்பு. அதன் படத்தை 1024-லிருந்து 256-க்குக் குறைத்தோம். புள்ளிகள் பதினாறில் ஒன்றாகிவிடும், நேரம் பாதிக்கு மேல் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தோம். 30 என்பது 27 ஆனது, அவ்வளவுதான். செலவு புள்ளிகளில் இல்லை. நூற்றுக்கணக்கான பொருட்களை ஒவ்வொன்றாக ‘இதை வரை, இதை வரை’ என்று பிராசஸர் சொல்லிக்கொண்டிருப்பதில்தான் நேரம் போனது. படம் சிறியதானாலும் பொருட்களின் எண்ணிக்கை அதேதான். சிற்றலை நெளிவில் 256-க்கும் 1024-க்கும் வித்தியாசம் தெரியாததால் 256-ஐயே வைத்துக்கொண்டோம்.

அதனால் எந்தப் பொருட்கள் பிரதிபலிக்க வேண்டும் என்று சொல்லும் `reflectLayers`-ல் கை வைத்தோம். படகின் உடல், அலைத்தடுப்புக் கற்கள், கரைக் கட்டடங்கள் மட்டும் பிரதிபலிக்கட்டும். கயிறு, வலை, கூடை, ஐஸ் பெட்டி, பறவைகள் வேண்டாம். 27 என்பது 22 ஆனது.

அலையின் தரத்தையும் குறைத்துப் பார்த்தோம். நீர்ப்பரப்புக்கு வடிவம் தரும் முக்கோணங்களின் வலைப்பின்னலைப் பாதியாக்கினால் 1.5 மில்லி செகண்ட் மிச்சம். ஆனால் அலையின் முதுகு கூரை ஓடு மாதிரி உடைந்து தெரிந்தது, அலை எழும்புவது தாமதமாகக் கண்ணில் பட்டது. இந்தப் பயிற்சியே அலையைப் பார்த்துப் படகை விடுவதுதான். உடனே பழையபடி வைத்துவிட்டோம். பிரதிபலிப்பு, ஒளிவிலகல், அலையின் தரம் என்ற மூன்று அமைப்புகளில் செலவு குறைவு, பயன் அதிகம் என்றால் அலையின் தரம்தான். பல திட்டங்களில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே என்பது எனக்கு வருத்தம்.

கடைசியாக ஒரு முடிவு. அலைத்தடுப்புக்கு வெளியே போனதும் பொருட்களின் பிரதிபலிப்பை முழுதாக நிறுத்தி, வானத்தின் நிறத்தை மட்டும் பிரதிபலிக்க வைத்தோம். தலைகீழ்க் கேமரா தண்ணீர் தட்டையானது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. இடுப்பளவு அலை எழும் இடத்தில் படகு ஒரு பக்கமும் அதன் நிழலுரு ஒரு பக்கமுமாக வழுக்கிக்கொண்டு போனது. நிஜக் கடலிலும் அலை அடிக்கும் இடத்தில் கண்ணாடி மாதிரி உருவம் தெரியாது. வெளியே 19, உள்ளே 22.

பின்னர் நடந்தது

ஒளிவிலகலை எடுத்ததும் ஒரு குறை வந்தது. படகின் உடல் தண்ணீரைத் தொடும் இடம் கத்தியால் வெட்டிய கோடு மாதிரி தெரிந்தது. முன்பு ஒளிவிலகல் அதை மறைத்திருந்தது. படகைச் சுற்றி மெல்லிய நுரைப் பட்டை ஒன்றை ஒட்டினோம், போதுமானதாக இருந்தது.

மற்றொரு குறையை நாங்கள் கவனிக்கவே இல்லை. புதிய வடிவத்தைக் கொண்டுபோன அன்று, இளைஞர்களில் நான்கு பேர் முதல் முயற்சியிலேயே உள்ளே நுழைந்தார்கள். தண்ணீரின் அடி தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் கேட்டும் என்ன மாறியது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் பெரியவர் திரையின் ஒரு மூலையில் விரலை வைத்தார். நின்றிருந்த ஒரு விசைப்படகின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தண்ணீரில் அதன் கோடு இல்லை.

“லைட்டு தண்ணில விழணும் தம்பி. அந்தக் கோட்ட வச்சித்தான் போட்டு கிட்ட இருக்கா தூரமா இருக்கான்னு இருட்டுல பாப்போம். அது இல்லன்னா லைட்டு வானத்துல தொங்குற மாதிரி இருக்கு.”

கயிறு, கூடையோடு சேர்த்து விளக்குகளையும் பிரதிபலிப்பிலிருந்து நீக்கியிருந்தோம். சிறிய பொருள், சில புள்ளிகள்தான், போனால் தெரியாது என்று நினைத்தோம். அந்த இருட்டில் தண்ணீரில் மிக அதிகமாகத் தெரிய வேண்டியதே அதுதான். விளக்குகளைத் தனி அடுக்கில் போட்டுச் சேர்த்தோம். விளக்கு ஒன்றுக்கு ஒரு சிறிய பிரகாசமான சதுரம். மொத்தம் அரை மில்லி செகண்ட். இப்போது உள்ளே 22.5. இறுதி அமைப்பு இது:

```
waterMode     = Reflective
textureSize   = 256
reflectLayers = Boats, Shore, Lamps
```

10 கணினிகளில் இரண்டு மட்டும் 28 காட்டின. திறந்து பார்த்தால் மற்றவற்றில் இரண்டு ரேம் துண்டுகள், இவற்றில் ஒன்றுதான். பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பயன்படுத்தும். ஒரே துண்டு என்றால் தரவு போக வர ஒரே பாதை. அதுவும் 33.3-க்குள் இருந்ததால் ரேம் வாங்கச் சொல்லி மையத்துக்குச் செலவு வைக்கவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

தண்ணீரின் அமைப்புகளை முடிவு செய்யும் நாளன்றே ஓடப்போகும் கணினியில் அளப்போம். நாங்கள் ஐந்து வாரம் கழித்து அளந்தோம். எங்கள் 1060 கார்டில் அதே காட்சி சுமார் 11 மில்லி செகண்டில் முடிந்ததால், ஐந்து முறை வரைவது அங்கே மறைந்தே கிடந்தது. Frame Debugger-ஐ ஒரு முறை திறந்திருந்தால் எந்தக் கணினியிலும் தெரிந்திருக்கும்.

எதையாவது பிரதிபலிப்பிலிருந்து நீக்கும் முன் அளவை வைத்து முடிவு செய்யாமல், அந்த வெளிச்சத்தில் அது எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று பார்ப்போம். பகல் காட்சியில் விளக்கை நீக்கலாம். விடியும் முன் நீக்கக் கூடாது. கூடையை எப்போதும் நீக்கலாம்.

ஒளிவிலகலை எல்லா இடத்திலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது அதே மையம் பழவேற்காடு ஏரிக்கு ஒரு பாடம் கேட்டிருக்கிறது. அங்கே பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். மணல் திட்டு எங்கே மேலே வருகிறது என்று தண்ணீரின் நிறத்தையும் அடியையும் பார்த்துத்தான் படகை விடுகிறார்கள். படகோட்டி நின்றுகொண்டு கோல் ஊன்றுகிறார். கண் உயரம் கூடுகிறது, அருகில்தான் பார்க்கிறார், ஆகவே தண்ணீருக்குள் பார்வை போகும். அந்தப் பாடத்தில் ஒளிவிலகலை GrabPass வழியில் போட்டுப் பிரதிபலிப்பை வானத்தோடு நிறுத்த நினைக்கிறோம். முதல் வடிவம் ஒரே ரேம் துண்டு இருக்கும் அந்த இரண்டு கணினிகளில் ஒன்றில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.